சால்வை தோளில் நிற்கவில்லையா? குறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்கும் பெண்ணின் தகப்பனுக்கும் வேட்டி சால்வை உடுத்தி வெளிக்கிடுத்துவது எனக்குப் பல வருடப் பழக்கம். திருகோணமலையில் பத்துப் பேருக்குச் சால்வை போட்டுவிட்டால், அரை மணித்தியாலத்துக்குள் நாலு பேராவது "தம்பி, இது நிக்குதில்லை" என்று திரும்பி வருவார்கள். வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றேதான், ஆனால் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் குறியைப் பார்த்து, காசு செலவில்லாத திருத்தத்தில் தொடங்கி மேலே போகும் வழியை இங்கே எழுதுகிறேன். இந்தியாவில் அங்கவஸ்திரம் என்பார்கள், நமக்குச் சால்வை. துணி ஒன்றுதான். வேட்டியோடு சோடியாக வருவது, நாலு முழம் முதல் ஐந்து முழம் நீளம் உள்ளது. ஒரு முழம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர்.

எதையும் திருத்துவதற்கு முன்னால் ஒரு வேலை. சால்வையை முனையோடு முனை சேர்த்து இரண்டாக மடித்து நடு எங்கே என்று பாருங்கள். அந்த இடத்தில், உள்பக்கமாக, துணியின் நிறத்திலேயே ஒரு நூல் முடிச்சுப் போடுங்கள். விரலால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. கீழே சொல்லும் எல்லாச் சோதனைக்கும் இந்த முடிச்சுதான் அளவுகோல்.

## குறி: இடது தோளில் மடித்துப் போட்டது வழுக்கி விழுகிறது

அதிகமாக வருவது இதுதான். எந்தப் பக்கமாக விழுகிறது என்று முதலில் பாருங்கள், அதில்தான் வழி பிரிகிறது.

### கைப்பக்கமாகச் சரிகிறது என்றால்

மடிப்பு அகலமாக இருக்கிறது. பத்தில் ஏழு தடவை நான் பார்த்த காரணம் இது, திருத்தவும் செலவில்லை.

சேட்டின் கொலர் அடியிலிருந்து கைத்தையல் வரை தோளின் மேல் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பெரிய ஆட்களுக்குப் பெரும்பாலும் 13 முதல் 15 சென்ரிமீற்றர் வரும். அதிலும் கழுத்தோடு ஒட்டிய பாதிதான் ஓரளவு மட்டமானது. வெளிப்பாதி உருண்டு கையை நோக்கி இறங்குகிறது. 12 சென்ரிமீற்றர் அகலத்தில் மடித்த சால்வையின் பாதி அந்த இறக்கத்தில் கிடக்கும். அந்தப் பாதி தன் பாரத்தால் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதன் மேல் கை ஒரு தடவை உயர்ந்தால் முடிந்தது.

சால்வை நாலு விரல் அகலத்தில், அதாவது எட்டு சென்ரிமீற்றருக்குள், அடங்க வேண்டும். அதற்கு விசிறி மடிப்புத்தான் சரி. மேசையில் துணியை நீளமாக விரியுங்கள். ஒரு கரையைப் பிடித்து, கரையின் அகலத்துக்கு ஒரு மடிப்பு முன்னே, ஒரு மடிப்பு பின்னே என்று மாறி மாறிக் கொண்டு போங்கள். கரை எட்டு சென்ரிமீற்றர் என்றால் மடிப்பும் எட்டு. கரை நாலே என்றால் கரையோடு நாலு சென்ரிமீற்றர் வெறும் துணியும் சேர்த்து எடுங்கள். எல்லா மடிப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக, சரியாக விளிம்போடு விளிம்பு உட்கார வேண்டும். கடைசியில் மேலே வருவது சரிகைக் கரை, அதன் அடியில் மிச்சம் எல்லாம் ஒளிந்துகொள்ளும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மடித்தால் ஐந்து நிமிட வேலை. ஒருவர் தனியாகச் செய்வதானால் மடித்த முனையின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டு மற்ற முனைக்குப் போங்கள்.

போடும்போது மடிப்பின் உள்விளிம்பு கொலரின் அடியைத் தொட வேண்டும். வெளிவிளிம்பு கைத்தையலைத் தாண்டக் கூடாது. கொலர் ஒரு சுவர் மாதிரி உள்ளே போகாமல் தடுக்கும், மட்டமான தோள் கீழே இருக்கும். அந்த இடத்தில் வைத்தால் பலருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

சிலருக்குத் தோளே இறக்கமாக இருக்கும். நேரே முன்னால் நின்று, கழுத்திலிருந்து கைவரை தோள் சரிந்து போகிறதா என்று பார்த்தாலே தெரியும். அவர்களுக்கு நாலு விரலும் அதிகம், மூன்று விரலுக்கு மடியுங்கள். மடிப்பின் எண்ணிக்கை கூடும், தடிப்பும் கூடும், ஆனால் நிற்கும்.

### முன்பக்கமாக இறங்கி வருகிறது என்றால்

நூல் முடிச்சு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். பலர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, முன்முனை வடிவாகத் தெரியவேண்டும் என்று, முன்னால் நீளமாக விட்டுவிடுவார்கள். கண்ணாடியில் பின்பக்கம் தெரிவதில்லை. முடிச்சு தோளின் உச்சியைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் வந்திருந்தால் அதுதான் காரணம்.

முடிச்சை உச்சிக்கு இரண்டு விரல் பின்னால் வையுங்கள். இரண்டு விரல் தள்ளினால் முன்பக்கம் இரண்டு விரல் குறைந்து, பின்பக்கம் இரண்டு விரல் கூடும், ஆக வித்தியாசம் நாலு விரல். ஏன் சமமாக விடாமல் பின்னால் கூட்டுகிறோம் என்றால், கல்யாணத்தில் சால்வை போட்டவர் குனிந்துகொண்டே இருப்பார். ஐயரிடம் தீர்த்தம் வாங்கக் குனிவார், பெரியவர் காலைத் தொடக் குனிவார், விளக்கேற்றக் குனிவார். ஒவ்வொரு தடவையும் துணி ஒரு விரல் முன்னால் வரும், நிமிரும்போது திரும்பிப் போகாது. பின்னால் உள்ள பாரம் அதைப் பிடித்து வைக்கிறது.

### இடமும் அளவும் சரி, அப்படியும் வழுக்குகிறது என்றால்

துணியோடு துணி ஒட்டவில்லை. இதைச் சந்தேகப்பட்டுச் சொல்லாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு கொப்பியையோ பலகையையோ சேட்டின் முதுகுப் பக்கத்துக்குள் நுழைத்து, மேலே மடித்த சால்வையில் ஒரு சாண் நீளத்தை வையுங்கள். கொப்பியின் ஒரு விளிம்பை மெதுவாக உயர்த்துங்கள். பருத்திச் சேட்டில் பருத்திச் சால்வை என்றால் நன்றாகச் சரிந்த பிறகுதான் நகரும். பளபளவென்ற பொலியெஸ்டர் சேட்டில் பட்டுச் சால்வை என்றால் கொஞ்சம் தூக்கியதும் ஓடிவிடும். ஓடினால் குற்றம் சேட்டின் மினுக்கத்தில்தான், உங்கள் கையில் இல்லை.

இதற்கு மலிவான திருத்தம், சேலைக்குக் குத்துகிற பூட்டுப் பின். ஆனால் குத்தும் விதம் முக்கியம். சால்வையின் மேலே இருந்து குத்தினால் சரிகையில் ஓட்டை விழும், பின்னும் தெரியும். சேட்டின் உள்ளே கையை விட்டு, தோள்தையலில், அதாவது துணி இரட்டையாக இருக்கும் இடத்தில், உள்ளிருந்து வெளியே குத்துங்கள். மடிப்பில் அடியிலுள்ள இரண்டு சுற்றை மட்டும் பிடித்து, திரும்பச் சேட்டுக்குள் கொண்டு வந்து பூட்டுங்கள். மேலே ஒன்றும் தெரியாது. தையல் இல்லாத இடத்தில் குத்தினால் சால்வையின் பாரம் மெல்லிய சேட்டைக் கிழித்துவிடும். பின் தோளின் நீளத்துக்குப் படுக்கையாக இருக்கட்டும். முன்பின்னாகக் குத்தினால் துணி அதைச் சுற்றித் திரும்பும். பின்னின் சுருள் பக்கத்தில் ஒரு சின்ன மணியைக் கோர்த்துக்கொண்டால் பட்டு நூல் அதற்குள் மாட்டாது. சேலைக்குப் பின் குத்தும் பெண்களிடம் பார்த்துப் பழகியது இது.

முக்கியமாக இன்னொன்று. குத்துமுன் பின்னை வெள்ளைத் துணியில் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். நம்மூர் உப்புக் காற்றில் டப்பாவுக்குள் கிடக்கும் பின் கூட மெல்லத் துருப்பிடிக்கும். துருக்கறை பட்டில் ஏறினால் போகாது.

பின் வேண்டாம் என்றால் அடுத்தது வெல்வெட் துண்டு. எட்டு சென்ரிமீற்றர் நீளம், ஐந்து அகலம் போதும். மயிர்ப்பக்கம் சேட்டைப் பார்க்கும்படி, நூல் முடிச்சு இருக்கும் இடத்தில், சால்வையின் அடிமடிப்பில் நாலு மூலையிலும் நூலால் தைத்துவிடுங்கள். வெல்வெட்டின் மயிர் வழுக்கலான துணியையும் பிடித்துக்கொள்ளும். இது கையால் தைக்கிற பத்து நிமிட வேலை.

இதற்கும் மேலே போனால் தையல்காரர்தான். விசிறி மடிப்பை அப்படியே தோள் வரும் இடத்தில் தைத்து, அடியில் ஒரு பிரஸ் பட்டனும் சேட்டின் தோள்தையலில் அதன் சோடியும் வைத்துத் தருவார். வருடத்துக்குப் பத்துக் கல்யாணத்துக்குச் சால்வை போடுகிறவருக்கு இது பெறுமதியான செலவு. ஒருநாளைக்குப் போடுகிறவருக்குத் தேவையில்லை. ஐந்து முழப் பழைய பட்டுச் சால்வை என்றால் தையல்காரரிடம் கொடுக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். தைத்துப் பிரித்தால் ஊசித்தடம் நிற்கும். அதற்குப் பதில் சேட்டை மாற்றுவதுதான் நல்லது.

### ஒரு நாள் நடந்தது

உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரமாக ஒரு கல்யாணம். ஆனி மாதம், கச்சான் வீசுகிற நேரம். பெண்ணின் தகப்பனார், அறுபதைத் தாண்டியவர், என்னைக் கூப்பிட்டு, "தம்பி, காலமையிலயிருந்து நாலு தரம் விழுந்திட்டுது. கன்னிகாதானத்தில தாரை வார்க்கேக்க விழுந்தா எப்படியிருக்கும்?" என்றார். அவர் குரலில் இருந்த பதற்றம் நியாயமானது. ஒரே மகள்.

அவர் போட்டிருந்தது அரைக்கை பொலியெஸ்டர் சேட்டு. சால்வை இரண்டு மீற்றர் நீளம், எழுபத்திரண்டு சென்ரிமீற்றர் அகலம். கரையோ நாலு சென்ரிமீற்றர். யாரோ நாலாக மடித்துத் தோளில் போட்டிருந்தார்கள். எழுபத்திரண்டை நாலாக மடித்தால் பதினெட்டு. அவருடைய தோளை அளந்தால் பதினாலு. தோளை விட மடிப்பு நாலு சென்ரிமீற்றர் பெரிது. விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

பிரித்து, எட்டு சென்ரிமீற்றருக்கு ஒன்பது மடிப்பாக விசிறி மடித்தோம். மாப்பிள்ளைத் தோழன் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டான். முதல் மடிப்பில் கரையும் நாலு சென்ரிமீற்றர் வெறும் பட்டும் தெரிந்தன. கொலரோடு ஒட்டி வைத்து, முடிச்சை உச்சிக்கு இரண்டு விரல் பின்னால் கொண்டு போனேன். நிற்கச் சொன்னேன், நின்றது. குனியச் சொன்னேன், வழுக்கியது. இடமும் அளவும் சரியான பிறகும் வழுக்கினால் துணிதான். கொப்பி தேடினால் நேரம் போய்விடும், அதனால் அவருடைய சேட்டின் கையிலேயே மடிப்பின் முனையைப் போட்டு, கையை மெதுவாக உயர்த்தச் சொன்னேன். பாதி தூக்குமுன்னமே ஓடியது. அவருடைய மனைவியிடம் பின் வாங்கி, துடைத்துப் பார்த்து, தோள்தையலில் உள்ளிருந்து குத்தினேன். திரும்பவும் குனிந்தார். கை கூப்பினார். மணவறையைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். அசையவில்லை.

அந்த ஒரு பின்னை முதலிலேயே குத்தியிருந்தால் என்ன என்று யாராவது கேட்கலாம். பதினெட்டு சென்ரிமீற்றர் மடிப்பில் குத்தியிருந்தால் சால்வை விழாது, ஆனால் சேட்டையே கையோரமாக இழுத்துக்கொண்டு தொங்கியிருக்கும், கொலர் கோணலாகியிருக்கும். முதலில் அளவு, பிறகு இடம், அதற்குப் பிறகுதான் பின்.

## குறி: இரண்டு தோளிலும் போட்டால் பிடரியில் உப்பி நிற்கிறது

கழுத்தைச் சுற்றி இரண்டு முனையும் முன்னால் தொங்கவிடுகிறபோது வருவது. பக்கத்திலிருந்து பார்த்தால் பிடரியில் ஒரு கூம்பு மாதிரித் தெரியும், கொலர் கசங்கும், ஆளின் கழுத்துக் குறுகியது போலிருக்கும்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். சால்வை தலைமயிரைத் தொட்டால் அது அதிகம் மேலே இருக்கிறது. சால்வையின் நடு கொலரின் அடியிலிருந்து மூன்று விரல் கீழே இறங்கி, முதுகில் ஒரு பிறை மாதிரி வளைய வேண்டும். பிடரியை அணைத்துப் போட்டால் தோளில் இருந்து முன்னால் வரும் துணியும் கழுத்தை நெருக்கும்.

கீழே இறக்கியும் சுருக்கம் போகவில்லை என்றால் மடிப்புத்தான். நேரான ஒரு பட்டியை வளைவான கழுத்தைச் சுற்றிக் கொண்டு வருகிறோம். உள்விளிம்புக்குக் குறைந்த தூரம், வெளிவிளிம்புக்குக் கூடிய தூரம். விளிம்போடு விளிம்பு இறுக்கி மடித்திருந்தால் உள்விளிம்பில் மிஞ்சும் துணி போக இடமில்லாமல் உப்பும். ஆகவே பிடரியில் மட்டும் மடிப்பை இளக்குங்கள். ஒரு கையால் மேல்மடிப்பைக் கொலரின் கீழே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அடிமடிப்பை ஒரு விரல், அதற்கடுத்ததை அரை விரல் என்று கீழே இழுத்துவிடுங்கள். விசிறியைக் கொஞ்சம் திறந்த மாதிரி. தோள் வந்ததும் திரும்ப மூடிக்கொள்ளட்டும். இதைத் தன் கையால் தானே செய்வது கஷ்டம், பின்னால் ஒருவர் வேண்டும்.

நசனலுக்கும் நின்ற கொலர் உள்ள குர்தாவுக்கும் இந்தத் தொல்லை குறைவு, கொலர் மடிந்து கீழே விழுவதில்லை. கொலர் வைத்த சேட்டு என்றால் சால்வை கொலருக்கு வெளியே, மடிந்த கொலரின் நுனிக்குக் கீழே வர வேண்டும். கொலருக்கடியில் திணிக்க வேண்டாம்.

முன்முனைகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் அது நடுமுடிச்சு நகர்ந்ததுதான். முடிச்சு முதுகெலும்புக்கு நேரே வந்ததும் முனை இரண்டும் தானாகச் சமமாகும். முனைகளைப் பிடித்து இழுத்து இழுத்துச் சமப்படுத்த வேண்டாம், இழுக்கிற ஒவ்வொரு தடவையும் பிடரி திரும்ப இறுகும்.

## குறி: விழவில்லை, ஆனால் பலகை மாதிரி நிற்கிறது

சால்வையின் முனை உடம்பை ஒட்டித் தொங்காமல், வயிற்றுக்கு முன்னால் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். மடித்த தடங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். பெட்டியில் இருந்து அன்றைக்குத்தான் எடுத்திருப்பார்கள்.

புதுச் சால்வை என்றால் முதல் நாள் இரவே எடுத்து, கதிரை முதுகிலோ கொடியிலோ நீளமாகத் தொங்கவிடுங்கள். கடலருகே உள்ள ஈரக்காற்று இதற்கு நல்லது, இளகும். காலையில் பார்த்தால் பாதித் தடம் போயிருக்கும். இதைவிட மலிவான வைத்தியம் இல்லை, இருந்தும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பருத்திச் சால்வை என்றால் கஞ்சியாக இருக்கும். ஒரு மூலையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி உதிர்ந்தாலோ கடுதாசி மாதிரிச் சத்தம் கேட்டாலோ கஞ்சி தடிப்பு. வெறும் தண்ணீரில் ஒருதரம் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். வேட்டிக்குக் கஞ்சி தேவை, சால்வைக்கு அதில் கால்வாசி போதும். ஒரே வாளியில் இரண்டையும் நனைத்தால் இப்படித்தான் வரும்.

பட்டில் தடம் போகவில்லை என்றால் அயன், ஆனால் கவனம். சரிகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் உலோகம் பூசிய பிளாஸ்டிக் நூல். சூடு கூடினால் சுருங்கிக் குறுகும், கரை அலையலையாகிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. அயனைக் குறைந்த சூட்டில் வைத்து, துணியைப் புறம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்து அதன் மேல் அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். முதலில் கண்ணுக்குத் தெரியாத உள்மூலையில் ஒரு விரல் அளவுக்குச் சோதியுங்கள். பட்டின் மேல் தண்ணீர் தெளிப்பது பழக்கமாகச் சிலருக்கு உண்டு, வட்டம் வட்டமாகத் தடம் விழும், தெளிக்காதீர்கள்.

கரை ஏற்கெனவே சுருங்கியிருந்தாலோ, பட்டில் எண்ணெய், சந்தனம், குங்குமம் பட்டிருந்தாலோ வீட்டில் தொட வேண்டாம். பட்டு அயன் பண்ணத் தெரிந்த லோண்டரியில் கொடுங்கள், என்ன கறை என்று சொல்லிக் கொடுங்கள். குங்குமத்தைத் தண்ணீரால் துடைத்தால் பரவிச் சிவப்பாகிவிடும். உலர்ந்த துணியால் தட்டிவிட்டு அப்படியே கொண்டு போவதுதான் நல்லது.

மேடையில் பொன்னாடை போர்த்துகிறபோதும் இந்தக் குறிதான் வரும், ஆனால் அங்கே நேரம் இல்லை. போர்த்துகிறவர் பக்கெற்றைப் பிரித்து, நீளப்பாட்டில் ஒரு தரம் மடித்து, நடுவை இரண்டு கையாலும் பிடித்துப் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்த் தோளில் வைத்து, முன்முனைகளை ஒரு தரம் கீழ்நோக்கித் தடவிவிட்டால் போதும். விரித்தபடி போட்டால் அவர் படத்துக்கு நிற்கும் நேரம் முழுக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார்.

## குறி: வீட்டில் சரி, வெளியே வந்ததும் பறக்கிறது

இது நம்மூருக்கே உள்ள குறை. கச்சான் காலத்தில் மத்தியானக் காற்று தரைப்பக்கமிருந்து சுட்டுக்கொண்டு வரும். வாடைக் காலத்தில் கடலிலிருந்து வரும். கோட்டைக்குள்ளால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மேலே பாறை விளிம்பில் எந்தக் காலத்திலும் காற்றுத்தான்.

பறக்கிற சால்வையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒற்றையாகவோ இரட்டையாகவோ மடித்திருப்பார்கள். காற்றுக்குப் பரப்புத்தான் வேண்டும். ஒன்பதாக மடித்த சால்வையின் பரப்பு ஒன்பதில் ஒன்று, அதே பாரம். முதலாவது மருந்து அதே விசிறி மடிப்பு.

அப்படியும் பின்முனை எழுந்து முகத்தில் அடித்தால், முனையிலிருந்து ஒரு சாண் மேலே, எல்லா மடிப்பையும் சேர்த்து உள்பக்கமாக ஒரு நூல் தையல் போடுங்கள். மடிப்பு விரியாது, விரியாவிட்டால் பறக்காது. இந்த இடத்தில் பின் குத்த வேண்டாம், காற்றில் ஆடி ஆடிப் பின் பட்டை அறுக்கும். பருத்திச் சால்வை என்றால் முனை மடிப்புக்குள் ஒரு சின்னக் காசைத் துணியில் சுற்றித் தைத்துவிடலாம். மெல்லிய பட்டில் அப்படிச் செய்ய வேண்டாம், பாரம் ஒரு புள்ளியில் இழுத்து நூல் விலகும்.

ஒரு முனையைக் கையிடுக்கில் கொடுத்து முன்னால் கொண்டு வருவது படத்துக்கு வடிவு, ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் ஒரு கை போய்விடும். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குள் போகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. மேற்சட்டை கழற்றிக் கும்பிடும் இடத்தில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொள்வது வழக்கம். வழுக்கலும் பறப்பும் அங்கே இல்லை. சேட்டில் பின் குத்தியிருந்தால் கழற்றும்போது மறந்துபோய் இழுத்துவிடுவீர்கள், அதனால் கோயிலுக்குப் போகிற அன்றைக்கு வெல்வெட் துண்டுதான் உகந்தது.

காற்றுள்ள மண்டபத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையும் மாலையும் சால்வையும் சேர்ந்து இருந்தால் நானும் தனியாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். மாலை ஏறும்போது சால்வை கட்டாயம் நகரும், அதைத் தலைப்பாகை கட்டுகிறவரோடு பேசி, மாலைக்கு முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் சரிசெய்ய வேண்டும். மணப்பெண் அலங்காரத்துக்கு வருகிறவரை முதலிலேயே கேட்டு, பத்து நிமிடம் மாப்பிள்ளைக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பின்னைக் கழற்றுங்கள், காசு வைத்திருந்தால் தையலைப் பிரித்து எடுங்கள். வியர்வைத் துணியை அப்படியே மடித்து வைக்காமல் இரவு முழுக்கக் காற்றாடத் தொங்கவிட்டு, மறுநாள் போன தடவை மடித்த தடத்தில் இல்லாமல் ஒரு விரல் தள்ளி மடியுங்கள். ஒரே தடத்தில் வருடக்கணக்கில் மடித்த பட்டு அந்தக் கோட்டிலேதான் அறுந்து வரும்.